கிழிந்தால் நான் பொறுப்பு

"இந்த ரூம்ல இருக்கிற புத்தகமெல்லாம் கிழியும். கிழியட்டும். எந்தப் பிள்ளை கையில கிழிஞ்சாலும் யாரும் அடிக்கக் கூடாது, வையக் கூடாது, வீட்டுக்குப் போய்க் காசு கேட்கக் கூடாது. கிழிஞ்சதுக்கும் தொலைஞ்சதுக்கும் நான் பொறுப்பு. டீச்சரம்மா, இதை நோட்டுலயே எழுதிக்குங்க."

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில், குழந்தைகளுக்காகப் புதிதாகக் கட்டிய வாசிப்பு அறையைத் திறந்துவைத்த பெரியவர் ரிப்பனை வெட்டிய கையோடு பேசிய முதல் வார்த்தைகள் இவை. எழுபது தாண்டிய விவசாயி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஊரில் வரப்புத் தகராறு என்றாலும் கோயில் கணக்கு என்றாலும் கடைசியில் அவர் திண்ணைக்குத்தான் வந்து சேரும். அறிவின் ஒளி, புத்தகமே செல்வம் என்றெல்லாம் அவர் பேசவில்லை. அறை எப்படி நடக்க வேண்டும், எதனால் பூட்டிப்போகும் என்பதை மட்டும் கால் மணி நேரம் பேசினார். ஊர்தோறும் இப்படி அறைகள் திறக்கப்படும் காலம் இது. அதனால் அவர் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயன் தரும்.

அவர் தொடங்கியது தன் பள்ளிக்கூடத்திலிருந்து. "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு கண்ணாடி பீரோ இருந்துச்சு. உள்ளே அம்பது அறுபது புத்தகம். அஞ்சு வருஷமும் அது திறந்து நான் பார்க்கலை. கண்ணாடி வழியா அட்டையில இருக்கிற பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்போம். வாத்தியார் நல்ல மனுஷன்தான். ஒரு புத்தகம் காணாமப் போனா அவர் சம்பளத்துல பிடிச்சுடுவாங்களேன்னு அவருக்குப் பயம்."

வாசிப்பு அறைகள் மூடிப்போவதன் வேர் இந்தப் பயத்தில்தான் இருக்கிறது. பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறும். அதன் கீழே ஒருவர் கையெழுத்துப் போடுவார். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்போது எண்ணிக்கை குறைந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். யாரும் படிக்காவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை; ஒன்று தொலைந்தால் கேட்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர் பீரோவைப் பூட்டி வைப்பதுதான் இயல்பு. இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது எளிது. உண்மையில் அவரைப் பூட்ட வைப்பது கணக்கு.

கணக்கைக் கணக்கால்தான் வெல்ல முடியும். அதற்கான விதியே நம்மிடம் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் நூலகங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒரு வருடத்தில் புத்தகங்கள் 1,000 முறை எடுத்துச் செல்லப்பட்டோ படிக்கப்பட்டோ இருந்தால், 5 புத்தகங்கள் தொலைவது நியாயமான இழப்பு என்று அது சொல்கிறது. இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. அந்த இழப்பு நேர்மையின்மையாலோ அலட்சியத்தாலோ நேர்ந்திருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. ஊர்ப் பணத்தில் நடக்கும் அறையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள இதைவிட நல்லது வேறில்லை. இத்தனை புத்தகம் வைத்திருந்தால் இத்தனை தொலையலாம் என்று இந்த விதி சொல்லவில்லை. எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை வைத்தே இழப்பை அளக்கிறது. படிக்கப் படிக்கத் தொலையத்தான் செய்யும் என்பதை அரசின் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த ஊர் அறைக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம். சுமார் 400 புத்தகங்கள் இருக்கின்றன. மாலையில் 25 பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு புத்தகம் புரட்டினால் ஒரு நாளைக்கு 50. மாதத்தில் 20 நாள் அறை திறந்திருந்தால் 1,000. அந்த அளவுகோலின்படி மாதம் 5 புத்தகம், வருடத்துக்கு 60 புத்தகம் போகலாம். குழந்தைகளுக்கான மெல்லிய படக்கதைப் புத்தகம் சராசரியாக 50 ரூபாய் என்று கொண்டால் மாதம் 250 ரூபாய், வருடம் 3,000 ரூபாய். பெரியவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் உச்ச அளவு இவ்வளவுதான். அவர் தனியாளாகக் கொடுக்கப் போவதுமில்லை. கோயில் திருவிழாவில் வெடிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்து இதற்கென்று எடுத்துவைக்க வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார். கூட்டத்தில் மறுத்துப் பேச ஆளில்லை.

அவர் கேட்டதனால்தான் மறுப்பு வரவில்லை. இதே சொல்லை அறையைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண் சொல்லியிருந்தால், பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாள் என்றிருப்பார்கள். தலைமையாசிரியை சொல்லியிருந்தால், அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். ஊரார் முன்னால் ஒரு பெரியவர் இழப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும்போது, சாவி வைத்திருப்பவரின் கை லேசாகிறது. திறப்பு விழாவுக்கு ஊர்ப் பெரியவரை அழைப்பதில் இப்படி ஒரு பயன் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் அது மாலையோடும் பொன்னாடையோடும் முடிந்துபோகிறது.

ஆயிரம் முறை படிக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? அறையின் நடுவில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. பெரியவர் அதைத் தூக்கிக் காட்டினார். "படிச்சு முடிச்ச புத்தகத்தை அலமாரியில திருப்பி வைக்காதீங்க பிள்ளைகளா. இந்தக் கூடையில போட்டுட்டு அடுத்ததை எடுத்துக்குங்க." பெரிய நூலகங்களில், எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதே முறைதான் இது. திருப்பி வைக்கும்போது இடம் மாறிப்போன புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம், தேடினாலும் கிடைக்காது. கூடையில் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. அறையை மூடும்போது கூடையில் இருப்பதை எண்ணிப் பதிவேட்டில் ஓர் எண் எழுதினால் போதும். பிள்ளைகளின் பெயர், நேரம், கையெழுத்து எதுவும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்தகத்துக்கு மட்டும் பெயரும் தேதியும் எழுதுகிறார்கள்.

கூடை வேறு சில செய்திகளையும் சொல்லும். எந்தப் புத்தகம் தினமும் கூடைக்கு வருகிறது, எது மாதக்கணக்கில் அலமாரியை விட்டு அசையவில்லை என்று அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்து எந்த மாதிரிப் புத்தகம் வாங்குவது என்று யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

எந்தப் புத்தகம் வேண்டாம் என்பதைப் பற்றியும் பெரியவர் தயங்காமல் பேசினார். "நல்ல மனசோட கொடுக்கிறீங்க, வேண்டாங்கலை. ஆனா பழைய கைடு, பரீட்சைப் புத்தகம், ஆபீஸ்ல மிஞ்சின மலரு, இதெல்லாம் கொண்டு வராதீங்க. பாப்பா படிக்கிற புத்தகமா இருந்தா கொண்டு வாங்க." அறை திறக்கப் போகிறது என்றதும் ஊர் முழுவதும் பரணைக் காலிசெய்வது எங்கும் நடப்பதுதான். பத்து வருடத்துக்கு முந்தைய போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் கனமான ஆண்டு மலர்களும் வந்து சேரும். அலமாரி நிறைந்த மாதிரி இருக்கும். குழந்தைக்கு எட்டும் தட்டில் அதற்கான புத்தகம் இருக்காது.

இங்கே புத்தகங்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு, பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ளவை. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு, நாலைந்து வரிக் கதைகள். சரளமாகப் படிக்கும் பிள்ளைக்குத் தடித்த கதைப் புத்தகங்கள். முதுகில் மூன்று நிற நாடா ஒட்டியிருந்தது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குக் கொடுத்த சிறு புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று இப்படித்தான் நிலைநிலையாக வந்தன. எது தனக்கு ஏற்றது என்று பிள்ளையே கண்டுகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேறு புத்தகம் எடுக்கலாம். வயதைப் பார்த்தோ வகுப்பைப் பார்த்தோ புத்தகம் கொடுத்தால், ஆறாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அவமானப்பட்டு மறுநாள் வராது. நிற நாடாவில் வகுப்பு எண் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அலமாரியின் உயரம் நான்கடி. ஏழு வயதுப் பிள்ளை மேல் தட்டை எட்டிப்பிடிக்கும். சுவரோரமாக ஒரு கயிறு கட்டி, மெல்லிய படக்கதைகளை நடுப்பக்கத்தில் பிரித்து அதன்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாத குழந்தை முதுகுப் பெயரைப் படிக்காது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கும். அடுக்கி வைத்தால் அட்டை மறைந்துபோகும். கயிற்றில் தொங்கினால் முழுதாகத் தெரியும்.

அந்தக் கயிற்றுப் புத்தகங்களில்தான் முதல் சேதம் வரும். பின் அடித்த மெல்லிய புத்தகத்தின் நடுத்தாள் கழன்று கையோடு வந்துவிடும். காவிரிப் படுகையின் ஈரக் காற்றில் பின் துருப்பிடித்து, சுற்றியிருக்கும் தாளையும் அரித்துவிடும். இதற்கு ஊரில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண்மணி வழி கண்டிருந்தார். விழா முடிந்த பிறகு செய்தே காட்டினார். துருப்பிடித்த பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, மடிப்பில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று என மூன்று துளை போட்டார். கெட்டியான பருத்தி நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, கீழ்த் துளையில் வெளியே கொண்டுவந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னைவிட இது பலமானது, துருவும் பிடிக்காது.

கிழிந்த தாளுக்கு அவர் செல்லோடேப் ஒட்ட விடுவதில்லை. ஒட்டிய அன்று பளிச்சென்று இருக்கும். ஓரிரு வருடத்தில் பசை மஞ்சளாகி, பிசுபிசுத்து, அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் தாளை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, வெள்ளைப் பசையை மிகக் கொஞ்சமாகத் தடவிக் கிழிசலின்மேல் ஒட்டி, ஒரு கனமான புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க வைக்கிறார். கத்தரித்த தாளின் ஓரம் துருத்தி நிற்கும். கையால் கிழித்த ஓரம் படிந்துவிடும். மைதாப் பசை அறைக்குள் வரவே கூடாது. பூச்சிக்கு அது விருந்து.

மழையைப் பற்றிப் பெரியவர் பேசியது விவசாயியின் பேச்சு. "ஐப்பசி கார்த்திகையில இந்தச் சுவரு ஓதம் ஏறும். நெல்லு மூட்டையை எப்படி வைப்பீங்களோ அப்படித்தான் புத்தகத்தையும் வைக்கணும்." அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல், ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு அடுக்கியிருக்கிறார்கள். காற்றுப் போனால் பூஞ்சணம் பிடிக்காது.

கேடு தொடங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கதவைத் திறந்ததும் முடை நாற்றம் அடித்தால், தாள் அலையலையாக நெளிந்தால், ஈரம் ஏறியிருக்கிறது. அந்தப் புத்தகங்களைப் பிரித்து மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் தாள் மொறுமொறுத்து நிறம் போகும். அட்டையின் மேற்பரப்பு சுரண்டிய மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் அது ராமபாணப் பூச்சியின் வேலை. அது பசையைத் தேடித்தான் வருகிறது. சுவரில் மெல்லிய மண் கோடு ஏறியிருந்தால் கறையான். அதைத் துடைத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் வேறு வழியில் ஏறும். அலமாரியை நகர்த்திக் கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து அங்கே மருந்து வைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து படிக்கும் சின்னப் பிள்ளைகள் என்பதால், மருந்து வைக்கிற நாளில் அறையை மூடிவிட வேண்டும். பூச்சி உருண்டையையும் தட்டில் போடுவதில்லை. மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

சாவியைப் பற்றிய அறிவிப்பு சுருக்கமாக இருந்தது. சாவி இரண்டு. ஒன்று அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம். அவர் வெளியூர் போனால் திறக்க வேண்டியவரிடம் மற்றொன்று. பள்ளி நாட்களில் மாலை 4:30 முதல் 6:30 வரை. சனி, ஞாயிறு காலை. "நேரம் சொன்னா நேரத்துக்குத் திறக்கணும். ரெண்டு நாள் வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போன பிள்ளை மூணாம் நாள் வராது." கட்டடம் இருந்தும் நேரம் தவறியதால் பாழான அறைகளை அவர் சுற்றுவட்டாரத்தில் பார்த்திருக்கிறார். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளிலும் பணிகள் நடந்தன; ஊர்ப்புற நூலகம் அமைப்பதும் அவற்றில் ஒன்று. அந்தக் கட்டடங்களில் தினமும் திறந்தவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. திறக்க ஆளில்லாதவை பண்டம் போட்டு வைக்கும் அறையாகிப் போயின.

இந்த மண்ணுக்கு நூலக வரலாறு ஒன்று உண்டு. பெரியவரும் அதைத் தொட்டார். அவருடைய அப்பா காலத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் வருமாம். அது வெறும் கதை இல்லை. 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டி நூலகத்தைத் தொடங்கினார். வண்டி ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் தம் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-ல்தான். அவருடைய முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுத்தவே என்பது. இதைச் சொல்ல ஒரு விதியா என்று தோன்றலாம். ஆனால் அதை விளக்கும்போது அவர் பேசுவது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும், ஊழியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு படித்த பெரியவரும், தம் அனுபவத்தின் வழியே, அதே பட்டியலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

பேச்சை முடிக்கும் முன் அவர் ஊராட்சித் தலைவரைப் பார்த்து ஒரு கோரிக்கை வைத்தார். "தலைவரம்மா, வருஷா வருஷம் ஜனவரி 26 கிராம சபையில இந்த ரூம் கணக்கை வாசிக்கணும். எத்தனை நாள் திறந்துச்சு, கூடையில எத்தனை விழுந்துச்சு, எத்தனை கிழிஞ்சுச்சு, எத்தனை தொலைஞ்சுச்சு. நாலு நம்பர் போதும்."

தலைவர் சரி என்றார். பெரியவர் ஒலிபெருக்கியைக் கொடுக்காமல் இன்னொரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "நான் இருப்பேனோ இல்லையோ. ஒரு வருஷம் ஒரு புத்தகம்கூட கிழியலை, ஒண்ணுகூட தொலையலைன்னு கணக்கு வந்துச்சுன்னா, கை தட்டாதீங்க. ரூமைத் திறந்தீங்களான்னு கேளுங்க."